கெண்டைக்காலில் தொடங்கியது

மருத்துவமனை உடற்கூறாய்வு அறிக்கையை ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்காக எழுதுகிறார். உயரம், உடல்வாகு, தோலில் உள்ள அடையாளங்கள் என்று தொடங்கி, மார்பு, வயிறு, தலை என ஒவ்வோர் உறுப்பையும் எடையோடு கடந்து, நுண்ணோக்கியில் பார்த்ததைச் சொல்லி, கடைசிப் பக்கத்தில்தான் இறப்புக்கான காரணத்துக்கு அது வந்து சேரும். மேசையில் வேலை நடந்த வரிசையே எழுத்தின் வரிசையும். நோயியல் நிபுணருக்கு இது வசதி. முதல் பக்கத்தில் "மார்பின் முன்பக்க விலா எலும்புகள் 3 முதல் 6 வரை, இருபுறமும் முறிவு" என்று படிக்கும் மகளுக்கு அப்படியில்லை. அவள் அந்த வரியைத் தாண்டமாட்டாள். அப்பாவை யாரோ அடித்திருக்கிறார்கள் என்றே நினைப்பாள்.

ஆகவே குடும்பத்துக்கு எழுதும் சுருக்கத்தை, நான்கு பக்க அறிக்கையை ஒரு பக்கமாகக் குறைக்கும் வேலை என்று எடுத்துக்கொண்டால் தொடக்கத்திலேயே தவறிவிடும். வரிசையை மாற்ற வேண்டும். எந்தச் செய்தியையும் விடக் கூடாது. எது எதனால் வந்தது என்பதை, அந்த மனிதரின் கடைசி நாட்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு முழுமையாகப் பார்ப்போம். இங்கே வருபவர் ஒரு தனி மனிதரல்ல. இத்தகைய அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் செய்திகளைச் சேர்த்து நான் உருவாக்கியவர்.

வயது 62. தையல் கடை வைத்திருந்தவர். நெடுநாள் சர்க்கரை நோய். இடது பாதத்தில் புண் சீழ் பிடித்துக் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தார். ஆன்டிபயாட்டிக் ஊசி, தினமும் கட்டு மாற்றுதல், காலை உயர்த்திவைத்துப் படுக்கை. எட்டாம் நாள் வலது விலாப்புறத்தில் குத்தும் வலி, இருமல், சளியில் சிறிது ரத்தம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் ஒரு நிழல் தெரிந்தது. நிமோனியா என்று மருந்தை மாற்றினார்கள். பதினோராம் நாள் மாலை கெண்டைக்கால் இழுப்பதாகச் சொன்னார். மகள் எண்ணெய் தடவிப் பிடித்துவிட்டாள். மறுநாள் காலை கழிப்பறைக்குப் போய்த் திரும்பும்போது, மூச்சு வரவில்லை என்று சொல்லி விழுந்தார். நாற்பது நிமிடம் நெஞ்சை அமுக்கிப் பார்த்தும் பயனில்லை. மாரடைப்பாக இருக்கும் என்றார்கள். மருத்துவமனைகள் இறப்புக் காரணத்தை எழுதிக் கொடுக்கும் 4ஆம் எண் படிவத்திலும் அதுவே ஏறியது.

இது காவல் துறை கேட்டு நடக்கும் போஸ்ட்மார்ட்டம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் ஆகியவற்றில் விசாரணைச் சட்டப்படி உடற்கூறாய்வு நடக்கிறது. அதற்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை, அறிக்கையும் முதலில் காவல் நிலையத்துக்கே போகும். நோயால் இறந்தவரை, நோயை அறிவதற்காக மட்டும் ஆராய்வது வேறு வகை. நெருங்கிய உறவினர் எழுதிக் கொடுத்தால்தான் அது நடக்கும். நம் நாட்டில் இந்த இரண்டாம் வகை மிகக் குறைவு. மும்பையின் கே.இ.எம். போன்ற சில பெரிய மருத்துவமனைகளில்தான் அது ஒரு மரபாகத் தொடர்ந்து வந்திருக்கிறது. சம்மதம் தந்து, வீட்டுக்குக் கொண்டுபோவதைச் சில மணி நேரம் தள்ளிப்போட்டு, சொந்தக்காரர்களின் பேச்சையும் வாங்கிக்கொண்ட குடும்பம் கேட்பது பதிலைத்தான்.

எழுதுவதற்கு முன் அவர்களோடு உட்கார்ந்து என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று கேட்பது நல்லது. நம் குடும்பத்தில் மனைவி கேட்டது ஒன்றுதான்: "அவரு ரொம்பக் கஷ்டப்பட்டாரா, டாக்டர்?" அண்ணன் கேட்டது: "ஹார்ட் அட்டாக்குன்னா பன்னெண்டு நாளா இங்கேதானே இருந்தாரு, முன்னாடியே தெரியலையா?" மகள் எதுவும் கேட்கவில்லை. இறப்பதற்கு முந்தின நாள் மாலை காலைப் பிடித்துவிட்டதை மட்டும் ஒரு நர்ஸிடம் சொல்லியிருந்தாள். அந்த நர்ஸ் அதை மருத்துவரிடம் சொன்னதால்தான் சுருக்கத்தில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்ந்தது. கேட்கப்படாத கேள்வியே பெரும்பாலும் அந்த வீட்டின் மிகக் கனமான கேள்வி.

சுருக்கத்தின் முதல் வாக்கியம் காரணமாக இருக்க வேண்டும். இதயம் நின்றதால் இறந்தார் என்று எழுதுவது எதையும் சொல்லாததற்குச் சமம்; எல்லோருக்கும் கடைசியில் இதயம் நிற்கிறது. இறப்புக் காரணப் படிவம் உலகம் முழுவதும் ஒரு சங்கிலியாக அமைக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான். உடனடிக் காரணத்தை மேல் வரியிலும், அது எதனால் வந்தது என்பதை அடுத்தடுத்த வரிகளிலும் எழுதி, சங்கிலியைத் தொடங்கிவைத்த நோயைக் கடைசி வரியில் வைப்பார்கள். குடும்பத்துக்குச் சொல்லும்போது அந்தச் சங்கிலியை அடியிலிருந்து மேலே படிப்பது எளிது:

"உங்கள் கணவர் இறந்ததற்குக் காரணம், காலிலிருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்த உறைந்த ரத்தக் கட்டி. காலில் புண்ணும் சீழும் இருந்ததாலும், பல நாள் படுக்கையில் இருந்ததாலும், இடது கெண்டைக்காலின் ஆழத்தில் ஓடும் குழாயில் ரத்தம் மெல்ல உறைந்து தொடை வரை வளர்ந்திருந்தது. அதில் ஒரு பெரிய பகுதி பெயர்ந்து, இதயத்தின் வழியாகப் போய், இரண்டு நுரையீரலுக்கும் ரத்தம் பிரியும் இடத்தை அடைத்துக்கொண்டது. அன்று மாரடைப்பு என்று உங்களிடம் சொன்னார்கள். மரணத்துக்குக் காரணம் அதுவல்ல. இதயத்தின் ரத்தக்குழாய்களில் வயதுக்கேற்ற சுருக்கம் இருந்தது. ஆனால் அங்கே புதிய அடைப்பு எதுவும் இல்லை."

கடைசி வாக்கியத்தில் ஒரு கவனம் இருக்கிறது. "மாரடைப்பு வரவே இல்லை" என்று அது சொல்லவில்லை. ரத்தம் கிடைக்காமல் இறந்த இதயத் தசை, முதல் சில மணி நேரத்தில் கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் மாறுதல் காட்டாது. நிமிடங்களில் இறந்தவரின் தசையில் தேடினாலும் அடையாளம் இராது. ஆகவே தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும்: புதிய அடைப்பு இல்லை. இரண்டு நுரையீரல் தமனிகளையும் அடைத்த கட்டி, மரணத்தை விளக்க வேறொன்றும் தேவைப்படாத அளவுக்குப் பெரியது.

இங்கே குடும்பத்தில் யாராவது கேட்பார்கள்: இறந்த பிறகு ரத்தம் உறையத்தானே செய்யும், இது அப்படி உறைந்ததாக இருக்கக் கூடாதா? நல்ல கேள்வி. இறந்த பின் உறையும் ரத்தம் பளபளப்பாக, ரப்பர்போல் வளைந்து, குழாயின் சுவரில் ஒட்டாமல் உருவி வரும். மேல் பகுதி மஞ்சளாகக் கோழிக் கொழுப்பைப்போல் இருப்பதால் பிணவறையில் அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. உயிரோடு இருக்கும்போது உருவான கட்டி உலர்ந்து மங்கலாக இருக்கும், தொட்டால் உதிரும். வெட்டிப் பார்த்தால் வெளிறிய கோடும் கருஞ்சிவப்புக் கோடும் மாறி மாறித் தெரியும். ஓடும் வெள்ளம் கரையில் வண்டலை அடுக்கடுக்காகப் படியவைப்பதுபோல, ஓடும் ரத்தத்தில் மட்டுமே தட்டணுக்களும் சிவப்பணுக்களும் இப்படி அடுக்காகும். இந்தக் கோடுகளை விவரித்தவரின் பெயரால் அவை சான் கோடுகள் எனப்படுகின்றன. நுரையீரலில் கிடந்த கட்டி பருமனில் தொடைச் சிரையோடு பொருந்தியது. அதன் பக்கவாட்டில் சிரை வால்வுகளின் பதிவும் தெரிந்தது. நுரையீரலில் காணும் கட்டி அங்கே பிறந்ததல்ல, உடலின் வேறோர் இடத்திலிருந்து பயணம் செய்து வந்தது என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ நிறுவியதும் இதுபோன்ற தடயங்களைக் கொண்டுதான்.

இந்த விளக்கம் முழுவதும் சுருக்கத்தில் வர வேண்டியதில்லை. "இந்தக் கட்டி அவர் உயிரோடு இருந்தபோதே, பல நாட்களாக உருவானது; அதன் அமைப்பிலிருந்து இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது" என்பது போதும். எப்படி என்று கேட்டால் மேலே உள்ளதை வாயால் சொல்லலாம்.

அடுத்த செய்திக்காகத்தான் இதை எழுதுகிறேன். வலது நுரையீரலின் கீழ் மடலில், விளிம்பை ஒட்டி, ஆப்பு வடிவத்தில் ஒரு பகுதி இறந்து கருஞ்சிவப்பாகிக் கிடந்தது. ஒரு சிறிய கட்டி முன்பே வந்து ஒரு கிளைக் குழாயை அடைத்திருக்கிறது என்பது இதன் பொருள். நுண்ணோக்கியில் அந்தப் பகுதியின் ஓரத்தில், கசிந்த ரத்தத்தின் இரும்பை விழுங்கிப் பழுப்பேறிய செல்கள் இருந்தன. இவை சில மணி நேரத்தில் தோன்றுபவை அல்ல. நாட்கள் ஆக வேண்டும். சரியாக எந்தத் தேதி என்று திசு சொல்லாது. ஆனால் கடைசி நாள் காலையில் வந்ததல்ல, அதற்கு முந்தின இரவில் வந்ததும் அல்ல என்று சொல்லும். எட்டாம் நாள் விலாவில் குத்திய வலி, சளியில் வந்த ரத்தம், எக்ஸ்ரே நிழல் எல்லாம் இந்த இடத்தோடு பொருந்துகின்றன. அங்கே நிமோனியாவுக்குரிய சீழ் இல்லை.

இந்த ஒரு செய்தி மகளை விடுவிக்கிறது, மருத்துவமனையைக் குறைசொல்கிறது. பதினோராம் நாள் மாலை அவள் காலைப் பிடிப்பதற்கு மூன்று நாள் முன்பே கட்டிகள் பெயர்ந்து நுரையீரலுக்குப் போகத் தொடங்கிவிட்டன. அதே எட்டாம் நாள் வார்டில் இருந்தவர்கள் அதை வேறொன்றாகப் பார்த்தார்கள். மருத்துவமனைக்குச் சங்கடம் என்று இந்த வரியை மழுப்பினால், மகளுக்குச் சொல்லக்கூடிய ஒரே உறுதியான ஆறுதலும் சேர்ந்தே மழுங்கிப்போகும். மென்மைக்காக உண்மையைக் கொஞ்சம் குறைக்கலாம் என்பவர்களுக்கு என் பதில் இதுதான். எதைக் குறைத்தால் யாருக்கு வலி குறையும் என்று எழுதுபவருக்குத் தெரியாது.

மழுப்பல் பொய்யாக வருவதில்லை. "நுரையீரலில் சில பழைய மாற்றங்களும் காணப்பட்டன" என்று வரும். ஒவ்வொரு சொல்லும் சரி, சேர்த்துப் படித்தால் ஏமாற்று. படிப்பவர் அதைப் புகைபிடித்த காலத்தின் தழும்பு என்று எடுத்துக்கொள்வார். "நிமோனியாவாகக் கருதப்பட்டு உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது" என்பது இன்னொரு வகை. கருதியவர் வாக்கியத்தில் இல்லை. "உரிய" என்ற சொல் கேட்காத தீர்ப்பையும் தந்துவிடுகிறது. இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சுருக்கத்தை மட்டும் படித்த ஒருவரிடம், எட்டாம் நாள் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குச் சொல்ல முடியவில்லை என்றால் செய்தி மறைந்திருக்கிறது.

எதிர்ப்பக்கமும் பிழை செய்யலாம். "டாக்டர்கள் கவனிக்காததால் இறந்தார்" என்று எழுதும் உரிமை உடற்கூறாய்வுக்கு இல்லை. உடலுக்குள் என்ன இருந்தது என்பதை அது காட்டும். எட்டாம் நாள் காலையில், கையில் இருந்த தகவலை வைத்து, ஒரு மருத்துவர் எதைச் சந்தேகித்திருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. புண்ணால் ஏற்கெனவே வீங்கியிருந்த காலில் கட்டியால் வந்த வீக்கம் தனியாகத் தெரியாது. காய்ச்சலோடு இருமலும் நிழலும் வந்தால் முதலில் நிமோனியாதான் நினைவுக்கு வரும். உறைவைக் காட்டும் டி-டைமர் ரத்தப் பரிசோதனையும், உடலில் தொற்று இருந்தாலே உயரக்கூடும் என்பதால் இங்கே பெரிதாக உதவியிருக்காது. சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் காட்டியிருக்கும். ஆனால் சந்தேகம் வந்தவர்தான் அதைக் கேட்பார்.

இறப்புக்குப் பிறகு தெரியவரும் இத்தகைய வேறுபாடுகள் புதியவை அல்ல. 1912இல் பாஸ்டனின் ரிச்சர்ட் கேபட், மூவாயிரம் உடற்கூறாய்வுகளை நோயாளி உயிரோடிருந்தபோது சொன்ன நோய்களோடு ஒப்பிட்டு, எத்தனை இடத்தில் தவறியது என்று வெளிப்படையாக எழுதினார். அவருடைய சக மருத்துவர்கள் அதை ரசிக்கவில்லை. 1983இல் லீ கோல்ட்மன் குழு இந்த வேறுபாடுகளை வகைப்படுத்தியது. தெரிந்திருந்தால் சிகிச்சை மாறி ஆயுள் நீண்டிருக்கக்கூடும் என்பவை முதல் வகை. தெரிந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்பவை இரண்டாம் வகை. 1960, 1970, 1980 ஆகிய மூன்று காலங்களின் உடற்கூறாய்வுகளை ஒரே மருத்துவமனையில் எடுத்துப் பார்த்தபோது, கருவிகள் இவ்வளவு முன்னேறியும் முதல் வகை கிட்டத்தட்ட பத்தில் ஒன்றாகவே நின்றது. நம் தையல்காரரின் நுரையீரல் இந்த முதல் வகையில் சேரும்.

முதல் வகை என்றால், அண்ணன் அடுத்துக் கேட்கப்போவது தெரிந்ததே: அன்றே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா? 1960இல் பிரிஸ்டலில் பேரிட், ஜோர்டன் என்ற இருவர் நடத்திய சிறிய ஆய்வு ஒன்று இங்கே உதவும். நுரையீரலில் கட்டி அடைத்தவர்களில் உறைவைத் தடுக்கும் மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் மறுபடி கட்டி அடைத்து இறந்தார்கள். மருந்து பெற்ற 16 பேரில் அப்படி ஒருவரும் இறக்கவில்லை. அதன் பிறகு மருந்தில்லாமல் விட்டு ஒப்பிடுவது நியாயமல்ல என்றாகிவிட்டது. எனவே "எதுவும் செய்திருக்க முடியாது" என்று எழுதினால் அது பொய். "பிழைத்திருப்பார்" என்பதும் ஒரு தனி மனிதரைப் பற்றி யாராலும் சொல்ல முடியாதது. சுருக்கத்தில் இப்படி வந்தது:

"இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பே ஒரு சிறிய கட்டி வலது நுரையீரலுக்குப் போயிருந்தது. எட்டாம் நாள் அவருக்கு வந்த விலா வலிக்கும் சளியில் வந்த ரத்தத்துக்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறோம். அன்று அதை நிமோனியா என்று எண்ணி எங்கள் மருத்துவர்கள் சிகிச்சை தந்தார்கள். நாங்கள் பார்த்தவரை அங்கே நிமோனியா இல்லை. கட்டி என்று அன்றே தெரிந்திருந்தால் வேறு மருந்து தந்திருப்பார்கள். அந்த மருந்து அடுத்த பெரிய கட்டி வரும் வாய்ப்பை வெகுவாகக் குறைக்கக்கூடியது. அவர் நிச்சயமாகப் பிழைத்திருப்பார் என்று எங்களால் சொல்ல முடியாது. அன்று ஏன் தெரியவில்லை என்பதை இந்த ஆய்வு சொல்லாது. அவரைக் கவனித்த மருத்துவர்கள் உங்களைச் சந்தித்து அதைப் பேச வேண்டும்."

இதில் "எங்கள் மருத்துவர்கள்" என்ற சொல்லை எடுத்துவிட ஒரு மூத்தவர் சொல்லக்கூடும். எடுக்கக் கூடாது என்பேன்.

மகளுக்கான பத்தி இதற்கு அடுத்ததாக வர வேண்டும், முன்னால் அல்ல. இதன் மேல்தான் அது நிற்கிறது. கட்டி உள்ள காலை அழுத்தினால் பெயரக்கூடும் என்பதால், கட்டி என்று தெரிந்த காலைப் பிடிக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது உண்மை. அதை மறுத்து எழுதினால் நாளைக்கு வேறோரிடத்தில் அவள் அதைப் படிப்பாள். பிறகு இந்தக் கடிதத்தில் எதையும் நம்ப மாட்டாள். இன்னொரு பக்கம், படுக்கையில் புரளும்போதும், எழுந்து நடக்கும்போதும், ஒன்றுமே செய்யாதபோதும் கட்டிகள் பெயர்கின்றன. கடைசிக் கட்டி எந்த நொடியில் ஏன் பெயர்ந்தது என்று திசு காட்டாது. ஆகவே:

"அவர் காலைப் பிடித்துவிட்டது பற்றி நீங்கள் கவலைப்படுவதாக அறிந்தோம். கட்டி பல நாட்களாக அங்கே இருந்தது. நீங்கள் பிடிப்பதற்கு முன்பே அதிலிருந்து துண்டுகள் பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தன. அது தானாகவே நடந்தது. பெரிய கட்டி மறுநாள் காலையில் அவர் எழுந்து நடந்தபோது வந்தது. அது எதனால் பெயர்ந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. காலில் அப்படி ஒன்று இருக்கிறது என்று மருத்துவர்களுக்கே அன்று தெரியவில்லை. உங்களிடம் யாரும் சொல்லவும் இல்லை."

விலா எலும்புகளுக்கு இவ்வளவு இடம் வேண்டாம். நெஞ்சின் நடுவை ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அழுத்தினால் பெரியவர்களின் விலா முறிவது வழக்கம். முறிந்த இடத்தைச் சுற்றி ரத்தக் கசிவு மிகக் குறைவாக இருப்பது, அப்போது சுற்றோட்டம் ஏறக்குறைய நின்றிருந்தது என்று காட்டுகிறது. "அவரைக் காப்பாற்ற நெஞ்சை அமுக்கியபோது சில விலா எலும்புகள் முறிந்தன. அப்போது அவருக்கு நினைவு இல்லை." இரண்டு வாக்கியம். இதை விட்டுவிடலாமே என்று தோன்றும். முழு அறிக்கையின் பிரதி ஒருநாள் அவர்கள் கைக்குப் போகும்போது முதல் பக்கத்திலேயே அது காத்திருக்கும் என்பதால் விடக் கூடாது.

மனைவியின் கேள்வி மிகக் கடினமானது, ஏனென்றால் வலியைத் திசுவில் அளக்க முடியாது. "அமைதியாகப் போனார்" என்று எழுதக் கை நீளும். அவர் விழும்போது பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமைதியாக இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அறிக்கையும் நர்ஸின் குறிப்பும் சேர்ந்து தருவது இவ்வளவுதான்: மூச்சு வரவில்லை என்று சொன்னார், ஒரு நிமிடத்துக்குள் விழுந்தார், பக்கத்தில் போனபோது பேச்சில்லை. நுரையீரலுக்குப் போகும் வழி அடைபட்டால் மூளைக்கு ரத்தம் போவது வெகுவாகக் குறையும். முழுவதும் நின்றால் சில நொடிகளில் நினைவு போய்விடும். "சிறிது நேரம் மூச்சுத் திணறலையும் பயத்தையும் உணர்ந்திருப்பார். அது நீண்டிருக்காது என்று நினைக்கிறோம்" என்று எழுதலாம். மூளையில் வேறு கேடு இல்லை என்பதையும் சேர்க்கலாம். எட்டாம் நாளிலிருந்து விலா வலி இருந்ததை இந்த இடத்தில் மறந்துவிடக் கூடாது. அதற்கு வலி மருந்து கொடுத்தது கேஸ் ஷீட்டில் இருக்கிறது, அதையும் எழுதலாம்.

யாரும் கேட்காத ஒன்று மிச்சம் இருக்கிறது. இடது சிறுநீரகத்தில் 1.8 சென்டிமீட்டரில் ஒரு மஞ்சள் நிறப் புற்றுக்கட்டி. அவருக்கு அது இருந்ததே தெரியாது, வேறெங்கும் பரவவும் இல்லை. மரணத்தில் அதற்குப் பங்கில்லை. உடற்கூறாய்வுகளில் இப்படித் தற்செயலாகப் புற்று தெரிவது அபூர்வமல்ல. இதைச் சொல்ல வேண்டுமா? பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுடைய மருத்துவர் ஒருநாள் குடும்பத்தில் யாருக்காவது புற்று உண்டா என்று கேட்பார். சொல்ல வேண்டும். ஆனால் காரணத்தோடு ஒரே பத்தியில் வைத்தால் வீட்டில் அது "கேன்சர்ல போயிட்டாரு" என்று ஆகிவிடும். தனிப் பத்தி, முதல் வாக்கியத்திலேயே "இறப்போடு தொடர்பில்லாத ஒரு செய்தி" என்று தொடங்க வேண்டும். ஒரே பக்கத்தில், ஒரே ஒரு கட்டி, அறுபது வயதுக்கு மேல் என்பதால் பரம்பரையாக வந்திருக்க வாய்ப்பு குறைவு. பிள்ளைகளுக்கு இப்போது எந்தப் பரிசோதனையும் தேவையில்லை, ஆனால் மருத்துவர் கேட்டால் சொல்லுங்கள். "நல்லவேளை அது படுத்தவில்லை" என்பது போன்ற ஆறுதலை எழுதக் கூடாது. அதைக் குடும்பம் சொல்லிக்கொள்ளலாம்; நாம் சொல்லக் கூடாது.

ரத்தம் உறைந்ததும் பரம்பரையா என்று மகள் பின்னால் கேட்பாள். தொற்றும் படுக்கையும் அதற்குப் போதுமான காரணங்கள். எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டியதில்லை. அறுவை சிகிச்சை, கர்ப்பம், நீண்ட படுக்கை என்று வரும்போது அப்பாவுக்கு இப்படி நடந்தது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும்.

உடலிலிருந்து எதை எடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் லிவர்பூலில் ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனையில் இறந்த பிள்ளைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் வைத்திருந்தது 1999இல் வெளியே வந்தது. அதன் தொடர்ச்சியாக 2004இல் சட்டமே மாறியது. நம் எடுத்துக்காட்டில் உறுப்புகள் அனைத்தும் உடலோடு திரும்பிவிட்டன. நகக்கண் அளவுத் துண்டுகள் மட்டும் மெழுகில் பதித்துப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. இதை இப்படியே எழுதினால் போதும். அறிக்கை முடிய ஏன் இத்தனை வாரம் ஆயிற்று என்பதற்கும் அதுவே விளக்கம்: துண்டுகள் ஃபார்மலினில் ஊறி, மெழுகேறி, சீவப்பட்டு, சாயமேறித்தான் நுண்ணோக்கிக்கு வரும்.

சுருக்கத்தைத் தபாலில் அனுப்பிவிட்டு முடித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. நேரில் கூப்பிட்டு, கதவடைத்த அறையில், ஒரு பத்தியைப் படித்து நிறுத்தி, அடுத்ததற்குப் போவதே சரியாக வருகிறது. மனைவிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் மகள் படிக்க நேர்ந்தால், தன்னைப் பற்றிய பத்தியை அவளே உரக்கப் படிக்க வேண்டியிருக்கும். இதை முன்பே யோசித்து மருத்துவர் படிப்பது நல்லது. முழு அறிக்கையும் வேண்டுமா என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் பிறகு எப்போது கேட்டாலும் கிடைக்கும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 4ஆம் படிவத்தில் மாரடைப்பு என்று ஏறியதைத் திருத்தப் பதிவாளருக்கு மருத்துவமனையே எழுத வேண்டும், குடும்பத்தை அலையவிடக் கூடாது.

அண்ணன் கடைசியாகக் கேட்டார்: "படுக்கையிலேயே இருக்கறவங்களுக்கு ரத்தம் உறையாம இருக்க வயித்துல ஊசி போடுவாங்களாமே, எங்க தம்பிக்குப் போட்டாங்களா?" நோயியல் நிபுணரிடம் இதற்குப் பதில் இல்லை, ஊசி போட்டதா இல்லையா என்பது நுரையீரலில் எழுதியிருக்காது. மருந்துப் பட்டியலில் இருக்கும். வார்டின் தலைமை மருத்துவர் கேஸ் ஷீட்டைத் திறந்து, பன்னிரண்டு நாளின் பக்கங்களையும் அவர் முன் திருப்பிக் காட்டினார். எழுதியிருக்கவில்லை. புண்ணிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்ததால் முதல் இரண்டு நாள் வேண்டாம் என்று ஒரு குறிப்பு இருந்தது. மூன்றாம் நாள் முதல் அதைப் பற்றி எந்தக் குறிப்பும் இல்லை. அந்தப் பக்கங்களின் நகலை அண்ணன் கேட்டார். அன்றே எடுத்துக் கொடுத்தார்கள்.